RT out என்றால் எது வெளியே வந்தது?

"அக்கா, கோத்தகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். ஷிஃப்ட் முடியும்போது சிஸ்டர்கள் வாட்ஸ்ஆப்பில் சுருக்கமாகப் போடும் ஹேண்டோவர் மெசேஜைத் தெளிவான நோட்டாக எழுதி ஃபைலில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ விவரம் ஒன்றுகூட மாறாமல் இதை எப்படி எழுதுவது?"

ஒரு மெசேஜை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால்தான் இது புரியும். ஈவ்னிங் ஷிஃப்ட் சிஸ்டர் இரவு 7.40க்கு நைட் சிஸ்டருக்காகப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் உதாரணத்துக்காக எழுதியதுதான், ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு சிக்கலும் நான் வார்டில் பார்த்தது.

```
B6 62F k/c/o T2DM SHTN, LRTI D3
afeb. BP 110/70 PR 96 RR 22 SpO2 94 2L NP
GRBS 286 - 8U reg s/c, rpt 198
Monocef 1g BD due 8. Azee OD gvn
UOP 350 since 8. NS 75/hr on flow
Dr inf creat 1.6 yest -> hold metf
?sulfa allergy, attdr says
RFT sent. SOS neb. CXR mrng
no c/o chest pain. RT out
```

வேலை தெரிந்த யாரும் இதை அரை நிமிடத்தில் படித்துவிடுவார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. படிக்கும்போது நம் மூளை விட்டுப்போன இடங்களைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. அப்படி நிரப்பியதை எழுதிவிட்டால் அது சிஸ்டர் சொன்னது இல்லை, நீங்கள் சொன்னது. நோட்டில் பார்ப்பவருக்கோ இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கடைசி வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். RT என்றால் வார்டில் ரைல்ஸ் டியூப், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய். Rt என்றால் வலது பக்கம். அவசரத்தில் போனில் தட்டும்போது எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று யாரும் பார்ப்பதில்லை. ஆக "RT out" என்பது ரைல்ஸ் டியூப் எடுத்தாயிற்று என்றும் இருக்கலாம், வலது கையில் ட்ரிப் ஏற்றப் போட்டிருந்த வென்ஃப்ளான் வெளியே வந்துவிட்டது என்றும் இருக்கலாம். மெசேஜில் வேறெங்கும் டியூப் ஃபீட் பற்றிப் பேச்சில்லை. அதனால் வென்ஃப்ளானாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றட்டும், ஆனால் எழுத மாட்டேன். டியூபை எடுத்ததாகத் தவறாக எழுதினால், அந்த அம்மா வாயால் சாப்பிடத் தொடங்கிவிட்டார் என்று அடுத்த ஷிஃப்ட்டில் ஒருவர் நினைப்பார். வென்ஃப்ளான் என்று தவறாக எழுதினால், டியூப் எடுத்தது எங்குமே பதிவாகாமல் போகும்.

அதனால் சிஸ்டரைக் கேட்க வேண்டும். கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. "சிஸ்டர், RT என்றால் ரைல்ஸ் டியூப்தானே?" என்று கேட்காதீர்கள். ஆறு மணி நேரம் நின்று களைத்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருப்பவர் "ஆமா ஆமா" என்றுதான் சொல்வார். "ஆறாம் பெட்டில் என்ன அவுட் ஆனது?" என்று கேளுங்கள். பதிலை அவர் வாயிலிருந்து வர வையுங்கள். இந்த மெசேஜுக்குக் கிடைத்த பதில் இப்படி: "வலது கை வென்ஃப்ளான் வீங்கிப் போச்சு, எடுத்துட்டேன். இடது முன்கையில புதுசு போட்டிருக்கேன், என்.எஸ். அதுலதான் ஓடுது." பாருங்கள், வீங்கியதும் இடது முன்கையும் மெசேஜிலேயே இல்லை. இவை நோட்டில் வரலாம், ஆனால் கேட்டுத் தெரிந்தவை என்ற அடையாளத்தோடுதான் வர வேண்டும்.

அடுத்தது அந்த அம்புக்குறி. "Dr inf creat 1.6 yest -> hold metf". இந்த ஒரு வரியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நேற்று என்பது கிரியாட்டினின் ரிப்போர்ட் வந்த நாளா, டாக்டரிடம் சொன்ன நாளா? மெட்ஃபார்மினை நிறுத்திவைக்கச் சொன்னது டாக்டரா, இல்லை டாக்டர் வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று சிஸ்டரே முடிவு செய்தாரா? நிறுத்திவைப்பது எதுவரை? ஹேண்டோவர் மெசேஜில் அம்புக்குறியைப் பார்த்தாலே நான் பேனாவை வைத்துவிடுவேன். அது "அதனால்" என்றும் இருக்கும், "அதன் பிறகு" என்றும் இருக்கும், "இனிமேல் செய்ய வேண்டியது" என்றும் இருக்கும்.

hold என்ற சொல் எனக்குத் தனியாக ஞாபகம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலை ஆஸ்பத்திரியில் இதே மெட்ஃபார்மின் விஷயத்தில் நான் சொதப்பினேன். மெசேஜில் "hold" என்றிருந்ததை நோட்டில் "stop" என்று எழுதினேன். எனக்கு அன்று இரண்டும் ஒன்றுதான். hold என்றால் இப்போதைக்குக் கொடுக்காதே, திரும்பப் பார்த்து முடிவு செய்வோம். stop என்றால் அந்த மருந்து பட்டியலிலிருந்தே போய்விடுகிறது. மூன்று நாள் கழித்து டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியவர் என் நோட்டை நம்பி மாத்திரையை விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஓபிக்கு வந்தபோது அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை நானூறுக்கு மேல். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து hold, stop, omit, skip, taper இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றுவதே இல்லை. மெசேஜில் எது இருக்கிறதோ அதே சொல்.

மெசேஜ் சொல்லாததை எழுதும் தவறு பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் நடக்கிறது. "afeb" என்றால் காய்ச்சல் இல்லை என்று எழுதலாம். 98.6 என்று எழுதக் கூடாது, யாரும் அப்படிச் சொல்லவில்லை. "Azee OD gvn" என்பதில் எத்தனை மில்லிகிராம் என்றும் இல்லை, எத்தனை மணிக்கு என்றும் இல்லை. வழக்கமாக 500 தானே என்று சேர்க்காதீர்கள். ட்ரக் சார்ட்டில் பார்த்து எழுதினால் "ட்ரக் சார்ட்டின்படி" என்று சொல்லி எழுதுங்கள். கம்பெனிப் பெயரில் சொல்லியிருந்தால் அதே பெயரில் விடுங்கள். மோனோசெஃப் என்றால் செஃப்ட்ரியாக்சோன் என்று எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் ஒலியில் நெருக்கமான பெயர்கள் எத்தனையோ இருக்கின்றன, ஒரு நாள் கை தவறும். "SOS neb" என்பதில் எந்த மருந்து, எதற்காக என்று இல்லை. அதுவும் ஒரு கேள்விதான், உங்களிடமிருந்து போக வேண்டிய பதில் அல்ல.

சுருக்கங்களை விரிப்பதற்கு வார்டில் ஒரு பட்டியல் போட்டு, இன்சார்ஜ் சிஸ்டரிடமும் டாக்டரிடமும் கையெழுத்து வாங்கி, டெஸ்க்கில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். UOP என்றால் மில்லிலிட்டரில் சிறுநீர் அளவு, GRBS என்றால் மில்லிகிராம் கணக்கில் விரல் நுனி சர்க்கரை என்று அலகும் அதிலேயே இருக்கட்டும். பட்டியலில் இருப்பதை விரிக்கலாம். இல்லாததை எழுத்து மாறாமல் மேற்கோளுக்குள் போட்டுக் கேளுங்கள். OD போன்றவற்றை அதில் சேர்க்கும்போது யோசியுங்கள். மெடிக்கல் வார்டில் தினம் ஒரு வேளை, கண் வார்டில் வலது கண். D/C என்பது டிஸ்சார்ஜா, மருந்தை நிறுத்துவதா என்று பட்டியலே சொல்ல முடியாது. "8U" என்பதை "8 யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள். கையால் நகலெடுக்கும்போது அந்த U பூஜ்யமாகி 80 ஆகிவிடும் என்பதால் அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன் அங்கே அந்த எழுத்தைத் தடை செய்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதே போல .5 என்றிருந்தால் 0.5 என்றும், 1.0 என்றிருந்தால் 1 என்றும் எழுதலாம். மதிப்பு மாறவில்லை, படிக்கும் தவறு மட்டும் குறைகிறது.

இனி வரிசைப்படுத்துவது. யார், இப்போது என்ன, பின்னணி என்ன, நிலை எப்படி, இனி என்ன செய்ய வேண்டும் என்ற ஐ.எஸ்.பி.ஏ.ஆர். வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அதில் ஒரு மாற்றம் மட்டும் செய்வேன். அலர்ஜியையும், மணி குறித்த வேலைகளையும் பேஷண்ட் பெயருக்கு அடுத்தே வைப்பேன். நைட் சிஸ்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆனால் வரிசை மாற்றும்போது ஒட்டியிருக்க வேண்டியவை பிரிந்துவிடும். "SpO2 94 2L NP" என்பதைப் பாருங்கள். 94 ஐ வைட்டல்ஸில் போட்டுவிட்டு, இரண்டு லிட்டர் ஆக்சிஜனை ட்ரீட்மெண்ட் என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோனால் ஓர் எண்ணும் மாறவில்லை, ஆனால் பொருளே மாறிவிட்டது. கோத்தகிரி 6,000 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்த உயரத்தில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டும். ஆக்சிஜன் இல்லாமல் 94 என்றால் இங்குள்ள டாக்டர் ஒரு மாதிரி யோசிப்பார். ஆக்சிஜன் ஓடும்போது 94 என்றால் வேறு மாதிரி யோசிப்பார். ஓர் அளவு, அது எடுத்த நேரம், எந்த நிலையில் எடுத்தது என்ற மூன்றையும் ஒரே வரியில் கட்டிப்போடுங்கள். சர்க்கரையும் அப்படித்தான். 286, அதற்கு 8 யூனிட், பிறகு 198 என்பது ஒரு சங்கிலி. 198 மட்டும் தனியாகப் போனால் அது இன்சுலின் போட்ட பிறகு வந்தது என்பது மறைந்துவிடும்.

நேரம் பற்றி இன்னொன்று. மெசேஜ் வந்த நேரத்தை அளவெடுத்த நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாளில் நம் ஊரில் சிக்னல் போய்விட்டால் நாலு மணிக்குத் தட்டியது ஆறு மணிக்குத்தான் வந்து சேரும். நேரம் எழுதவில்லை என்றால் "நேரம் குறிப்பிடவில்லை" என்று எழுதுங்கள், அல்லது கேளுங்கள். "since 8" என்பதும் கேட்க வேண்டியதே. காலை எட்டா, முந்தின இரவு எட்டா என்பதைப் பொறுத்து 350 என்ற அளவின் பொருள் பாதியாகிவிடும்.

"?sulfa allergy, attdr says" என்பதில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. கேள்விக்குறி சந்தேகத்தைச் சொல்கிறது, பின்னால் வருவது யார் சொன்னது என்பதை. பேஷண்ட்டோடு இருக்கும் அட்டெண்டர் படுக மொழியில் ஏதோ சொல்லியிருப்பார், சிஸ்டர் புரிந்துகொண்டவரை எழுதியிருப்பார். "சல்ஃபா அலர்ஜி உண்டு" என்று எழுதினாலும் தவறு, உறுதியில்லை என்று விட்டுவிட்டாலும் தவறு. அதே மாதிரி "no c/o chest pain" என்பதை "நெஞ்சு வலி இருப்பதாகச் சொல்லவில்லை" என்றே எழுதுங்கள். "நெஞ்சு வலி இல்லை" என்பது கொஞ்சம் கூடுதலாகச் சொல்வது. அந்த "no" எழுதும்போது விழுந்துவிடாமலும் பாருங்கள்.

சரி, சிஸ்டரிடம் கேட்டு முடித்த பிறகு நோட் இப்படி வரும். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், நான் இங்கே தமிழில் தருகிறேன். நட்சத்திரக்குறி போட்டவை மெசேஜில் இல்லாமல், அதை அனுப்பிய சிஸ்டரிடம் இரவு 7.55க்குக் கேட்டு எழுதியவை.

பெட் 6. பெண், வயது 62. பெயரும் ஐ.பி. நம்பரும் கேஸ் ஷீட்டின்படி.
அலர்ஜி: சல்ஃபா, சந்தேகம் (?). அட்டெண்டர் சொன்னது.
இரவு செய்ய வேண்டியது: மோனோசெஃப் 1 கிராம், நாளுக்கு இரு வேளை, இரவு* 8 மணி டோஸ் இன்னும் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் நெபுலைசேஷன், மருந்து ட்ரக் சார்ட்டில் பார்க்கவும்*. காலையில் மார்பு எக்ஸ்ரே. ஆர்.எஃப்.டி. அனுப்பியாயிற்று, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை*.
நோய்: கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்று, 3ஆம் நாள் (ஆன்டிபயாடிக் தொடங்கியதிலிருந்து*). ஏற்கெனவே இரண்டாம் வகை நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் உண்டு.
நிலை, மாலை 7 மணிக்கு*: காய்ச்சல் இல்லை. பி.பி. 110/70, நாடித்துடிப்பு 96, மூச்சு 22. மூக்கு வழி 2 லிட்டர் ஆக்சிஜனில் SpO2 94. நெஞ்சு வலி இருப்பதாகச் சொல்லவில்லை.
சர்க்கரை: மாலை 4 மணிக்கு* 286, ரெகுலர் இன்சுலின் 8 யூனிட் தோலடியில் கொடுக்கப்பட்டது, திரும்பப் பார்த்தது 7 மணிக்கு*, 198.
கொடுத்த மருந்து: அஸீ, தினம் ஒரு வேளை, கொடுத்தாயிற்று, காலை 11 மணி, ட்ரக் சார்ட்டின்படி.
சிறுநீர்: காலை* 8 மணியிலிருந்து 350 மி.லி. என்.எஸ். மணிக்கு 75 மி.லி. ஓடுகிறது, இடது முன்கையில்*. வலது கை வென்ஃப்ளான் வீங்கியதால் எடுக்கப்பட்டது*.
மெட்ஃபார்மின்: ஹோல்ட். கிரியாட்டினின் 1.6, நேற்றைய ரிப்போர்ட்*. மாலை 5.30க்கு* டியூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது, இன்றைய ஆர்.எஃப்.டி. பார்க்கும்வரை ஹோல்ட் என்று அவர் சொன்னார்*.

பெட் நம்பரை மட்டும் நம்பிப் பெயரை எழுதாதீர்கள். மதியம் கட்டில் மாற்றியிருந்தால் நோட் முழுக்கச் சரியாக இருந்தும் வேறு ஆளின் ஃபைலில் போய் உட்கார்ந்துவிடும். வயது, பால், நோய் மூன்றும் கேஸ் ஷீட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பெயரைச் சேருங்கள்.

எழுதி முடித்ததும் எண்களை எண்ணுங்கள். நான் கடைசிவரை விடாத பழக்கம் இது. T2DM, SpO2 என்ற பெயர்களுக்குள் இருக்கும் 2 ஐ விட்டால் மேலே உள்ள மெசேஜில் 18 எண்கள் இருக்கின்றன. 110/70 ஐ இரண்டாகக் கணக்கிட்டிருக்கிறேன். மெசேஜில் ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துக்கொண்டே நோட்டில் தேடுங்கள். பிறகு திருப்பிச் செய்யுங்கள்: நோட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் மெசேஜில் இடமிருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் நட்சத்திரமோ எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போ இருக்க வேண்டும். முதல் சுற்றில் விட்டுப்போனது தெரியும், இரண்டாவது சுற்றில் நீங்களாகச் சேர்த்தது தெரியும். அதற்கப்புறம் "இல்லை" என்ற சொற்களையும் கேள்விக்குறிகளையும் இதே போல ஒரு தடவை எண்ணுங்கள். எண்களை மட்டும் பார்த்து இவற்றைக் கோட்டை விடுபவர்கள் அதிகம்.

இந்தக் கணக்கைப் போடும்போதே உங்களுக்கு ஒன்று உறைக்கும். பன்னிரண்டு மணி நேரத்தில் 350 மி.லி. என்றால் மணிக்கு 29 தான். கிரியாட்டினினும் 1.6. "சிறுநீர் குறைவு" என்று ஒரு வார்த்தை சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள், ஏனென்றால் அது ஈவ்னிங் சிஸ்டரின் மதிப்பீடாகப் பதிவாகிவிடும். ஆனால் பேசாமலும் இருக்காதீர்கள். எழுந்து போய் நைட் சிஸ்டரிடமோ டியூட்டி டாக்டரிடமோ வாயால் சொல்லுங்கள்: "ஆறாம் பெட்டில் காலையிலிருந்து முந்நூற்றைம்பதுதான் போயிருக்கிறது, பார்த்தீர்களா?" அவர்கள் பார்த்து எழுதுவது அவர்கள் பெயரில், அவர்கள் நேரத்தில் வரட்டும்.

அசல் மெசேஜைத் திருத்தச் சொல்லாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டால் பிரிண்ட் எடுத்து நோட்டின் பின்னால் வையுங்கள். பேஷண்ட் பெயரையும் ஐ.பி. நம்பரையும் குரூப்பில் போட வேண்டாம் என்று சிஸ்டர்களிடம் சொல்லிவைப்பதும் நல்லது. அவை நோட்டில் இருந்தால் போதும்.

சிஸ்டர் போனை எடுக்கவில்லை, பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேயோ சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறது என்றால்? நோட்டில் "RT out" என்று மேற்கோளுக்குள் அப்படியே எழுதி, "பொருள் தெளிவில்லை, 8.10க்கும் 8.25க்கும் அழைத்தும் பதில் இல்லை" என்று பக்கத்தில் போடுங்கள். பிறகு நைட் சிஸ்டரை அழைத்துக்கொண்டு ஆறாம் பெட்டுக்குப் போங்கள். மூக்கில் டியூப் இருக்கிறதா, எந்தக் கையில் ட்ரிப் ஓடுகிறது என்று அவர் பார்த்துச் சொல்வதை "இரவு 8.30க்கு நைட் சிஸ்டர் பார்த்தது" என்று தனி வரியாக எழுதுங்கள். அந்த மேற்கோள் வரியை அப்போதும் அடிக்க வேண்டாம்.